நாகையில் 34, திருச்சியில் 39: கடல் என்னதான் செய்கிறது?

கடைசிப்பெட்டி | ஏப்ரல் 13, இரவு 9.50

திருச்சியில் வேலை, நாகப்பட்டினத்தில் அம்மா. மாதத்துக்கு இரண்டு தடவையாவது காரைக்கால் ரயிலில் போய் வருவேன். நேற்று மத்தியானம் திருச்சியில் ஏறும்போது போனில் 39 காட்டியது. அதே நேரம் அம்மாவுக்குப் போன் போட்டால், "இங்கே 34தான், காற்று வந்துடுச்சு" என்றார்கள். தஞ்சாவூர், நீடாமங்கலம் வரை ஜன்னல் வழியாக அடுப்படிக் காற்றுதான் வந்தது. திருவாரூர் தாண்டியதும் எதிர்ப்பக்க ஜன்னலிலிருந்து ஈரமாக ஒரு காற்று. பெட்டியில் இருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்ட மாதிரி இருந்தது.

இதற்குப் பள்ளிக்கூடத்தில் படித்த பதில் தெரிந்ததுதான். தண்ணீர் மெதுவாகச் சூடாகும், மெதுவாக ஆறும். மண் சட்டென்று சூடாகும், சட்டென்று ஆறும். அதனால் கடலோர ஊரில் பகலும் ரொம்பக் கொதிக்காது, இரவும் ரொம்பக் குளிராது. எழுதினால் ஐந்து மார்க்.

சந்தேகம் என்னவென்றால், அம்மா வீட்டிலிருந்து கடல் இரண்டு கிலோமீட்டர். கடல் தண்ணீர் சூடாகாமல் இருந்தால் இருக்கட்டும். அம்மாவின் திண்ணை ஏன் சூடாகாமல் இருக்கிறது?

ஒரத்தநாட்டு மாமா | ஏப்ரல் 13, இரவு 10.15

தம்பி, கடல் மட்டும் இல்லை. டெல்டா முழுக்கத் தண்ணீர்தான். ஆறு, வாய்க்கால், வயல், குளம். அதனால்தான் எங்கள் பக்கம் சேலம், கரூர் மாதிரி காய்வதில்லை. தண்ணீர் எங்கே இருந்தாலும் குளிர்ச்சிதான்.

உப்பளத்து மகன் | ஏப்ரல் 13, இரவு 11.02

தண்ணீர் மெதுவாகச் சூடாகுமா? வேதாரண்யத்துக்கு வாங்க அண்ணே. மத்தியானம் இரண்டு மணிக்கு எங்கள் பாத்தியில் வெறுங்காலோடு நில்லுங்க, அப்புறம் சொல்லுங்க. அதுவும் தண்ணீர்தான். அந்தச் சூட்டுக்குப் பயந்துதான் விடியற்காலையே இறங்கி வேலையை முடிக்கிறோம்.

கடைசிப்பெட்டி | ஏப்ரல் 14, காலை 7.20

உப்பளத்துத் தம்பி கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. இரவெல்லாம் அதே யோசனை. இன்று புத்தாண்டு விடுமுறை. நாகை வீட்டு முற்றத்தில் இரண்டு அன்னக்கூடை எடுத்திருக்கிறேன். ஒன்றில் தண்ணீர், ஒன்றில் கடற்கரையிலிருந்து அள்ளிக் காயவைத்த மணல். மீன் தொட்டிக்கு வைக்கிற ஒயர் தெர்மாமீட்டர் இரண்டு இருக்கிறது. அம்மா பாயச அடுப்பை விட்டுவிட்டு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒன்றும் கேட்கவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது.

கடைசிப்பெட்டி | ஏப்ரல் 14, மாலை 4.05

புத்தகம் தப்பு. மதியம் இரண்டு மணிக்குத் தண்ணீர் 37, மணல் 33. மணல்தான் குளிர்ச்சி! யாராவது விளக்குங்கள்.

பழைய வானிலைக்காரர் | ஏப்ரல் 14, மாலை 5.30

தெர்மாமீட்டர் முனையை மணலில் எவ்வளவு ஆழத்தில் செருகினீர்கள்?

கடைசிப்பெட்டி | ஏப்ரல் 14, மாலை 5.41

ஒரு சாண் இருக்கும். நன்றாக உள்ளே தள்ளினேன், காற்று படக்கூடாதே என்று.

பழைய வானிலைக்காரர் | ஏப்ரல் 14, மாலை 6.10

உங்கள் கேள்விக்கான பதிலின் முக்கால்வாசியை அந்த ஒரு சாணில் புதைத்துவிட்டீர்கள். நாளை முனையை மணலின் மேல் தோலில், அரை விரல் ஆழத்துக்குள் வைத்துப் பாருங்கள். தண்ணீர்க் கூடை வெயிலில் பக்கவாட்டிலும் சூடாகும். இரண்டையும் தரையில் கழுத்தளவு புதைத்து வையுங்கள், இல்லாவிட்டால் கூடையின் சூட்டைத்தான் அளப்பீர்கள்.

கடைசிப்பெட்டி | ஏப்ரல் 15, இரவு 8.30

லீவைப் பிற்பகல் வரை நீட்டினேன். அம்மாவின் துளசிமாடத்துக்குப் பக்கத்தில் இரண்டு குழி. அதற்கான வசவு தனி.

மதியம் ஒன்றரைக்கு மணலின் மேல்தோல் 56. அதே மணலில் ஒரு சாண் கீழே 33. தண்ணீர்க் கூடையில் கையால் கலக்கிவிட்டு அளந்தால் 34. விடிகாலை ஐந்தரைக்கு மணல் மேல்தோல் 25, தண்ணீர் 27. அதாவது மணலின் தோல் ஒரே நாளில் 31 டிகிரி ஆடியது, தண்ணீர் ஏழு. ஒரு சாண் கீழே இருந்த மணல் கிட்டத்தட்ட அசையவே இல்லை.

கடற்கரையில் மத்தியானம் செருப்பில்லாமல் நடந்தவர்களுக்கு இது புதிதல்ல. கால் பொரியும்போது என்ன செய்வோம்? கட்டைவிரலால் மணலைக் குடைந்து உள்ளே நுழைத்துக்கொள்வோம். நாலு விரல் கீழே சில்லென்று இருக்கும். சின்ன வயதிலிருந்து செய்கிறேன், ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை.

என் முதல் அளவீடு தப்பில்லை. தப்பான இடத்தில் அளந்தேன், அவ்வளவுதான்.

பழைய வானிலைக்காரர் | ஏப்ரல் 16, காலை 6.45

இப்போது கணக்குக்கு வரலாம். கரண்ட் பில் கணக்கிலேயே சொல்கிறேன், எல்லோருக்கும் யூனிட் தெரியும்.

ஏப்ரலில் மேகமில்லாத ஒரு நாளில் நம் ஊரில் ஒரு சதுர மீட்டர் தரையில் விழுகிற வெயில் சுமார் ஆறு யூனிட். வீட்டு மாடியில் சோலார் போட்டவர்களைக் கேட்டால் இதையே சொல்வார்கள். கடலிலும் அதே ஆறு, மணலிலும் அதே ஆறு. வித்தியாசம், அந்த ஆறு யூனிட் எவ்வளவு பொருளுக்குள் பங்கு போகிறது என்பதில்.

மணலில் சூடு ஒரு தானியத்திலிருந்து அடுத்த தானியத்துக்குத் தொட்டுத் தொட்டுத்தான் இறங்கவேண்டும். நடுவில் எல்லாம் காற்று. பகல் முடிவதற்குள் அது ஒரு சாணைத் தாண்டாது. நீங்கள் பார்த்த 33 அதுதான். கடலில் அப்படி இல்லை. அலையும் காற்றும் மேல்தண்ணீரைக் கீழே புரட்டிக்கொண்டே இருக்கின்றன. பத்து மீட்டர் ஆழம் வரை கலங்குகிறது என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு கன மீட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற ஒன்றேகால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாக வேண்டும். பத்து மீட்டர் ஆழத்துக்கு ஒரு டிகிரி ஏற்றப் பதினொன்றரை யூனிட். மொத்த ஆறு யூனிட்டும் உள்ளே தங்கினால்கூட ஏறுவது அரை டிகிரி. உண்மையில் பாதிக்குமேல் ஆவியாகவும் வேறு வழியிலும் திரும்பப் போய்விடும், ஏற்றம் கால் டிகிரி அளவில் நிற்கும். அலையே இல்லாத நாளில் மேல் ஒரு மீட்டர் மட்டும் ஒரு டிகிரிக்கு மேல் ஏறலாம். அது விதிவிலக்கு.

காய்ந்த மணல் ஒரு சாண் ஆழத்துக்கு ஒரு டிகிரி ஏற யூனிட்டில் நூற்றில் ஏழு பங்கு போதும். ஒரே ஒரு யூனிட் உள்ளே தங்கினால் பதினாலு டிகிரி. மீதி ஐந்து யூனிட்டையும் மணலால் வாங்கிக்கொள்ள முடியாது. அதில் ஒரு பங்கு வானத்துக்கே திரும்பிவிடும், மிச்சத்தை மேலே நிற்கும் காற்றின் தலையில் கட்டிவிடும். திருச்சிக்காரர்கள் மத்தியானம் சுவாசிப்பது அந்த மிச்சத்தைத்தான்.

உப்பளத்து மகன் | ஏப்ரல் 16, காலை 9.12

என் பாத்தி எங்கே சார் இதில்?

கடைசிப்பெட்டி | ஏப்ரல் 16, மதியம் 1.00

தம்பி, சாப்பாட்டு நேரத்தில் போட்டுப் பார்த்தேன். பாத்தியில் தண்ணீர் எத்தனை உயரம்? மூன்று விரல், ஐந்து சென்டிமீட்டர் என்று வைத்தால், ஒரு டிகிரி ஏற்ற யூனிட்டில் நூற்றில் ஆறு பங்கு. ஒரு சாண் மணலுக்கு ஏழு என்று சார் சொன்னார். ஆக உங்கள் பாத்தித் தண்ணீரும் ஒரு சாண் காய்ந்த மணலும் ஒரே கட்சி! அடியில் கிடப்பது களிமண், சூட்டைக் கீழே கொண்டுபோகக் கடல் மாதிரிக் கலக்கல் கிடையாது.

அதனால் நான் முதலில் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். "தண்ணீர் மெதுவாகச் சூடாகும்" என்பது பாதி வாக்கியம். ஆழமாக இருந்து, கலங்கிக்கொண்டும் இருந்தால்தான் மெதுவாகச் சூடாகும்.

உப்பளத்து மகன் | ஏப்ரல் 16, மாலை 6.50

உயரம் சரிதான், சில பாத்தியில் அதைவிடக் குறைச்சல். இன்னொன்றும் இருக்கு. கடைசிப் பாத்தியில் தண்ணீர் கெட்டியாகி உப்பு விழ ஆரம்பிக்கும்போதுதான் சூடு ரொம்ப அதிகம். முதல் பாத்தியில் அவ்வளவு இல்லை. அப்பா சொல்வார், "உப்பு தண்ணியைப் புடிச்சு வச்சுக்கும், விடாது" என்று.

பழைய வானிலைக்காரர் | ஏப்ரல் 16, இரவு 8.05

உங்கள் அப்பா சொன்னது சரி. உப்பு ஏற ஏற ஆவியாவது குறையும். ஆவியானால்தானே சூடு வெளியே போகும்? வியர்க்காத ஆளுக்குக் காய்ச்சல் ஏறுகிற கதை. நான் அலுவலகத்தில் இருந்த காலத்தில் இதைக் கேட்டிருந்தால் குறித்து வைத்திருப்பேன்.

காரைக்கால் மருமகள் | ஏப்ரல் 17, காலை 11.30

எல்லோரும் கடலோரம் சுகம் என்று பேசுகிறீர்கள். நான் பிறந்தது பெரம்பலூர், வாழ்க்கைப்பட்டது காரைக்கால். அங்கே 40 இருந்தாலும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தால் போதும். இங்கே 33தான், புடவை முதுகில் ஒட்டிக்கொள்கிறது. இரவு பன்னிரண்டு மணிக்கும் வியர்வை. துவைத்த ஜமுக்காளம் இரண்டு நாளாகியும் காயவில்லை. ஏசி வாங்கி மூன்று வருடத்தில் வெளிப்பெட்டி துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது, வந்த மெக்கானிக் "உப்புக்காத்து அக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எந்த மாடல் வாங்கினால் துரு பிடிக்காது?

கடைசிப்பெட்டி | ஏப்ரல் 17, மதியம் 12.15

அக்கா, ஏசி கேள்விக்கு நான் ஆள் இல்லை. ஆனால் நீங்கள் சொன்னதை மறுக்கவும் முடியாது. சுகம் என்று நான் எங்கேயும் எழுதவில்லை, ஏற்ற இறக்கம் குறைவு என்றுதான் சொன்னேன். மேலே ஏறாததற்கு எது காரணமோ அதே கடல்தான் இரவில் இறங்கவிடாமலும் பிடித்துக்கொள்கிறது. மே மாதம் நம் பக்கத்துக் கடலின் மேல்தண்ணீரே 29, 30 டிகிரியில் கிடக்கிறது. அதன் மேலிருந்து வருகிற காற்று 20க்கு எப்படி இறங்கும்? கூடவே ஈரத்தையும் சுமந்துகொண்டு வருகிறது. பெரம்பலூரில் வியர்வை தோலிலேயே காய்ந்து உடம்பைக் குளிர்விக்கிறது. காரைக்காலில் வழிந்து புடவைக்குப் போகிறது.

ஒரத்தநாட்டு மாமா | ஏப்ரல் 17, இரவு 9.00

என் கருத்தை யாரும் கண்டுகொள்ளவில்லை. வயல் தண்ணீர்?

கடைசிப்பெட்டி | ஏப்ரல் 18, காலை 6.30

மாமா, கண்டுகொள்ளாமல் இல்லை. பயந்துகொண்டு இருந்தேன்.

முதலில், ஏப்ரல், மே மாதத்தில் உங்கள் வயலில் தண்ணீர் எங்கே? மேட்டூரை ஜனவரி கடைசியில் மூடுவார்கள், திறப்பது வழக்கப்படி ஜூன் 12. அதற்குப் பிறகு கல்லணைக்கு வந்து, கிளை வாய்க்கால் வழியாகக் கடைமடைக்கு வர இன்னும் நாளாகும். வெயில் உச்சத்தில் இருக்கிற மூன்று மாதமும் பம்புசெட் இல்லாத இடத்தில் டெல்டா வெடித்துப்போன களிமண். வெண்ணாற்றில் பையன்கள் கிரிக்கெட் விளையாடுவதை ரயிலிலிருந்தே பார்க்கிறேன்.

இரண்டாவது, தண்ணீர் கட்டிய வயலும் பாத்தி மாதிரி மூன்று விரல்தான். நாற்றங்காலில் மத்தியானம் கால் வைத்திருப்பீர்களே.

ஒரத்தநாட்டு மாமா | ஏப்ரல் 18, காலை 7.10

வைத்திருக்கிறேன். வெந்நீர் மாதிரிதான் இருக்கும். ஆனால் பயிர் மூடிய பிறகு வயலுக்குள் இறங்கினால் கண்டிப்பாகக் குளிர்ச்சி. கார்த்திகை மாதத்தில் சம்பா வயல் வரப்பில் நடந்து பார்த்துவிட்டுப் பேசு.

பழைய வானிலைக்காரர் | ஏப்ரல் 18, காலை 10.40

அவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது, ஆனால் காரணம் வேறு. பயிர் மூடிய வயலில் தண்ணீருக்கு வெயிலே படுவதில்லை, இலைதான் வாங்குகிறது. வாங்கிய சூட்டைப் பெரும்பாலும் ஆவியாக்கி வெளியே தள்ளுகிறது. அந்த யூனிட் காற்றைச் சூடாக்கப் போவதில்லை. கடல் சூட்டை உள்ளே போட்டு வைத்துக்கொள்கிறது, வயல் அன்றாடம் செலவழித்துவிடுகிறது. சேமிப்புக் கணக்கும் தினக்கூலியும் போல. அதனால் வயல் பகலை மட்டுப்படுத்தும். கடல் மாதிரி இரவைத் தாங்கிப் பிடிக்க அதனால் முடியாது.

முதல் பதிவில் இன்னொரு திருத்தமும் சொல்லவேண்டும். பகல், இரவு இரண்டு பக்கமும் கடல் ஒரே அளவு வேலை செய்கிறது என்கிற தொனி அதில் இருக்கிறது. மாதத்துக்கு மாதம் மாறும். மே மாதம் திருச்சியின் இரவும் நாகையின் இரவும் சராசரியில் கிட்டத்தட்ட ஒன்றுதான், 26, 27. வித்தியாசம் முழுக்கப் பகலில். பிப்ரவரியில் பாருங்கள். திருச்சியில் பகல் 33 போல ஏறி இரவு 21 வரை இறங்கும். நாகையில் பகல் 29, 30, இரவு 23. அங்கே 12 டிகிரி ஆடுகிறது, இங்கே ஆறு, ஏழு. வானம் தெளிந்து காற்று காய்ந்திருக்கும் மாதத்தில்தான் உள்நாட்டுத் தரை இரவில் சூட்டை வானத்துக்கே கொட்டித் தீர்க்கும். ஈரக்காற்று மேலே போர்வையாக இருந்தால் அவ்வளவு கொட்ட முடியாது. ஆக கடலோர இரவு இறங்காததற்கு வெதுவெதுப்பான தண்ணீரும் காரணம், ஈரமும் காரணம்.

கடைசிப்பெட்டி | ஏப்ரல் 18, இரவு 10.20

ஒப்புக்கொள்கிறேன். இப்போது என் பழைய கேள்விக்கு வருகிறேன், அதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. கடல் 29ல் கிடக்கட்டும். அம்மாவின் திண்ணையைச் சுற்றியும் மணல்தானே? மணல் மத்தியானம் 56க்குப் போனதை நானே அளந்தேன். அப்புறம் எப்படி நிழலில் 34?

பழைய வானிலைக்காரர் | ஏப்ரல் 19, காலை 6.50

நீங்களே ரயிலில் எழுதியிருக்கிறீர்கள், எதிர்ப்பக்க ஜன்னல் என்று. தரை சூடாகி அதைத் தொட்டிருக்கும் காற்று மேலே கிளம்பினால், காலியாகும் இடத்துக்குக் கடல்மேல் கிடக்கிற காற்று உள்ளே வருகிறது. அது தண்ணீரைத் தொட்டுக்கொண்டு கிடந்த காற்று, ஏறக்குறைய தண்ணீரின் சூட்டிலேயே இருக்கும். தரையை மிதித்துக்கொண்டு உள்ளே போகப் போகச் சூடேறும். அம்மா வீட்டுக்கு இரண்டு கிலோமீட்டரில் வந்து சேருவதால் பெரிதாக ஏற நேரமில்லை. திருவாரூருக்கு மாலை ஆகும்போது வந்து சேருகிறது. தஞ்சாவூருக்குப் பல நாள் இருட்டிய பிறகு சாயலாக வரும், சில நாள் வரவே வராது. திருச்சிக்கு வருவதை நம்பிக் கட்டிலை வெளியே போடாதீர்கள்.

ஒரு சின்ன வேலை தருகிறேன். நாகையில் அதிகபட்ச வெப்பம் எத்தனை மணிக்கு வருகிறது என்று பாருங்கள்.

கடைசிப்பெட்டி | மே 4, இரவு 9.15

பார்த்தேன். நான் இல்லை, அம்மா பார்த்தார்கள். துளசிமாடத்து நிழலில் தொங்கவிட்ட தெர்மாமீட்டரை மணிக்கொரு தடவை பார்த்து, பால்கணக்கு எழுதுகிற காலண்டர் தாளிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். மே 1: பத்து மணி 34, பதினொன்று 36, பன்னிரண்டு 35, ஒன்று 34, அதற்கு மேல் 34ஐத் தாண்டவில்லை. பன்னிரண்டு மணிக்கு எதிரே "காத்து" என்று ஒரு வார்த்தை. அன்று திருச்சியில் நான் பார்த்த உச்சம் மூன்று மணிக்குத்தான் வந்தது.

அதாவது நாகையும் காலையில் திருச்சி மாதிரியே ஏற ஆரம்பிக்கிறது. பாதி வழியில் கடல் வந்து கையைப் பிடித்து நிறுத்துகிறது. உச்சம் நடுப்பகலுக்கு முன்பே வந்துவிட்டால் அன்று கடல்காற்று வந்திருக்கிறது என்று அர்த்தம். போனில் எண்ணை மட்டும் பார்த்தால் இது தெரியாது, மணியையும் பார்க்கவேண்டும்.

காரைக்கால் மருமகள் | மே 5, காலை 10.00

உங்கள் அம்மாவுக்கு என் வணக்கம். பால்கணக்கில் வானிலை ஆராய்ச்சி! ஏசி பற்றி யாரும் சொல்லவில்லை, பரவாயில்லை.

கடைசிப்பெட்டி | ஜூன் 9, மாலை 3.20

இழையைத் திரும்பத் தோண்டுகிறேன். கோபத்தில் இருக்கிறேன். நாகையில் இருக்கிறேன், நிழலில் 39. திருச்சியிலும் 39. கடல் போன மாதம் இருந்த இடத்தில்தான் இருக்கிறது, ஆழம் குறையவில்லை, கலக்கலும் குறையவில்லை. நாம் எழுதிய யூனிட் கணக்கெல்லாம் எங்கே போயிற்று? அம்மா தாளில் பன்னிரண்டு மணிக்கு எதிரே "காத்து இல்லை", அடியில் "மேல்காத்து" என்று இருக்கிறது.

உப்பளத்து மகன் | ஜூன் 9, மாலை 4.00

கச்சான் அண்ணே, மேற்கேயிருந்து வர்ற காற்றுக்கு நாங்கள் சொல்ற பேர். எங்கள் ஊரில் கேட்டால் மீன்பிடிக்கப் போகிறவர்கள் முதலில் அதைத்தான் சொல்வார்கள். கொண்டல் வந்தால் குளிர்ச்சி, கச்சான் வந்தால் பொரியல்.

பழைய வானிலைக்காரர் | ஜூன் 9, இரவு 7.30

கணக்கு எங்கும் போகவில்லை. தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டது. கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு மலை தாண்டி இறங்கி, கரூர், திருச்சி, தஞ்சாவூர் தரையெல்லாம் தடவிக்கொண்டு வருகிற மேற்குக் காற்று இது. கடல்காற்று இதை எதிர்த்துத் தள்ளிக்கொண்டு கரையேறவேண்டும். மேல்காற்று பலமாக இருந்தால் இரண்டு, மூன்று மணி வரை ஏறமுடியாது, சில நாள் கடைசி வரை ஏறவே ஏறாது. அன்று நாகை என்பது கடலோரத்தில் இருக்கிற திருச்சிதான்.

கடல் பக்கத்தில் இருப்பது போதாது. காற்று அதன் மேலிருந்து வரவேண்டும். மேற்குக் கடற்கரையில் இருக்கிறவர்களுக்கு இந்த மாதத்தில் பருவக்காற்றே கடலிலிருந்து வருகிறது. நமக்குத் தரையிலிருந்து வருகிறது. கிழக்குக் கரையில் பிறந்ததற்கு இது ஒரு வரி.

ஒரத்தநாட்டு மாமா | ஜூன் 9, இரவு 9.40

தண்ணீர் திறந்தால் சரியாகிவிடும். குறுவை நட்டுவிட்டால் மேல்காற்றே குளிர்ந்துதான் நாகைக்கு வரும். எங்கள் வயலுக்கு நீங்கள் நன்றி சொல்லவேண்டும்.

கடைசிப்பெட்டி | ஜூன் 10, காலை 7.00

மாமா, இதை மட்டும் என்னால் தள்ளவும் முடியவில்லை, ஒப்புக்கொள்ளவும் முடியவில்லை. எண்பது கிலோமீட்டர் பச்சை வயலின் மேல் வருகிற மேல்காற்றும் எண்பது கிலோமீட்டர் வெடித்த களிமண்ணின் மேல் வருகிற மேல்காற்றும் ஒன்றாக இருக்காது என்றுதான் மனசு சொல்கிறது. ஆனால் குறுவை பச்சை கட்டுகிற ஜூலை, ஆகஸ்ட்டில் மேகமும் அங்கங்கே மாலை மழையும் சேர்ந்துகொள்ளும். எது வயல் குறைத்தது, எது மேகம் குறைத்தது என்று எப்படிப் பிரிப்பது? சார், வழி இருக்கிறதா?

பழைய வானிலைக்காரர் | ஜூன் 10, காலை 8.20

மேட்டூர் நேரத்துக்குத் திறந்த வருடத்தையும் தாமதமாகத் திறந்த வருடத்தையும் எடுத்து, மேகமில்லாத நாட்களை மட்டும் ஒப்பிடவேண்டும். அப்படி நாட்களைச் சலித்தால் கையில் கொஞ்சம்தான் மிஞ்சும். முடிவு சொல்லத் துணிய மாட்டேன்.

அதிராம்பட்டினத்தான் | ஜூன் 10, மதியம் 2.30

இவ்வளவு நாள் சும்மா படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரும் கடலோரம்தான், ஆனால் கடல் தெற்கே, தென்கிழக்கே. பாக் கடல். ஆழம் ரொம்பக் கம்மி, வெகுதூரம் உள்ளே போனாலும் சேறும் கடல்பாசியும்தான். உங்கள் பத்து மீட்டர் கணக்கு எங்களுக்கு ஓடுமா? சாயங்காலம் கரையில் இறங்கினால் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது.

கடைசிப்பெட்டி | ஜூன் 10, இரவு 9.00

நல்ல கேள்வி, என் கணக்கைப் பிடரியில் தட்டுகிற கேள்வி. கரையோரம் இரண்டு மீட்டர் ஆழம் என்றால் ஒரு டிகிரிக்கு இரண்டேகால் யூனிட் போதும். மூன்று யூனிட் தங்கினால் ஒரு டிகிரிக்கு மேல் ஏறும், முழங்கால் தண்ணீரில் அதற்கும் பல மடங்கு. வெதுவெதுப்பு அதனால்தான். ஆனால் அப்படியும் உப்பளப் பாத்திக்கும் இதற்கும் நடுவில் மலையளவு தூரம் இருக்கிறது. இரண்டு மீட்டரே மணலைவிட எத்தனையோ மடங்கு சூட்டை உள்ளே வாங்கிக்கொள்கிறது. ஒரே நாளில் ஆடுவதைப் பொறுத்தவரை உங்கள் கடலும் கடல்தான் என்று நினைக்கிறேன். வருடம் முழுக்கப் பார்த்தால் அது நாகைக் கடலைவிடக் கூடுதலாக ஏறி இறங்கும்.

அப்புறம் கடல் தெற்கே இருப்பதால் ஜூனில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கவேண்டும். மேல்காற்று உங்கள் கரைக்கு நேர் எதிராக இல்லை, சாய்வாகத்தான் வருகிறது. கடல்காற்று ஏற எங்களைவிட லேசாக இருக்கவேண்டும். இருக்கிறதா?

அதிராம்பட்டினத்தான் | ஜூன் 11, காலை 11.00

சில நாள் பன்னிரண்டுக்கே வருகிறது, சில நாள் இல்லை. இதுவரை மணி குறித்தது கிடையாது. பால்கணக்குத் தாள் ஒன்று ஆரம்பிக்கிறேன்.

கடைசிப்பெட்டி | ஜூன் 11, மாலை 4.10

ரயிலுக்குக் கிளம்ப இன்னும் நேரம் இருந்ததால் துறைமுகப் பக்கம் நடந்தேன். மூன்று மணிக்கு எல்லாப் படகுக் கொடியும் கடலைப் பார்த்துப் படபடத்துக்கொண்டிருந்தது, முகத்தில் அனல். மூன்றரைக்கு ஒரு நிமிடம் எல்லாக் கொடியும் தொங்கிப்போய் அசைவே இல்லை. வியர்வை காயாமல் அப்படியே நின்றது. அப்புறம் கடைசிப் படகின் கொடி மட்டும் இந்தப் பக்கம் திரும்பியது, பிறகு பக்கத்துப் படகு, பிறகு அடுத்தது. மூன்று நாற்பதுக்கு எல்லாமே ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தன. வலை தைத்துக்கொண்டிருந்த பெரியவர் தலையைத் தூக்காமலே "வந்துட்டான்" என்றார்.

அம்மாவுக்குப் போன் போட்டேன். "எனக்கு இன்னும் வரலை" என்றார்கள். போனை வைக்காமல் காத்திருந்தேன். ஆறு நிமிடம் கழித்து மறுமுனையில் கதவு அடித்துக்கொண்டது.

கடைசிப்பெட்டி | ஜூன் 11, இரவு 9.55

தஞ்சாவூர் வந்துவிட்டது. காற்று இன்னும் வரவில்லை.